ஐஸ் கோலாவும் நெற்றி வலியும்: சில நொடித் தலைவலி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் ஏப்ரல் பிறந்துவிட்டால் மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் கரும்புச்சாறு வண்டியின் மணிச்சத்தம் காலையிலேயே கேட்கத் தொடங்கிவிடும். அடுத்த சில நாட்களில் எங்கள் கட்டடத்திலிருந்து யாராவது ஒருவர் நெற்றியைத் தடவிக்கொண்டே வந்து என்னிடம் விசாரிப்பார்கள். செவிலியர் படிப்புக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் கேட்கிறார்கள். பல வருடமாக வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

"ஜில்லுன்னு ஏதாவது குடிச்சதும் நெத்தியில சுரீர்னு ஒரு வலி வருதே டீச்சர், அது என்ன?"

பிரெயின் ஃப்ரீஸ், ஐஸ்கிரீம் தலைவலி என்றெல்லாம் சொல்வது இதைத்தான். தலைவலிகளை வகைப்படுத்தும் சர்வதேசப் பட்டியலில் இதற்கெனத் தனி இடமே உண்டு. குளிர்ந்த பொருள் மேலண்ணத்திலோ தொண்டையின் பின்சுவரிலோ பட்ட உடனே நெற்றியில் அல்லது நெற்றிப்பொட்டில் வலிக்க வேண்டும். குளிர் விலகிய பத்து நிமிடத்துக்குள் வலி முழுவதும் போய்விட வேண்டும். இதுதான் இலக்கணம். நடைமுறையில் பத்து நிமிடம் வரை நீடிப்பது அபூர்வம்.

ஒருமுறை இது வந்து போவதைக் கடிகாரம் வைத்தே பார்த்தேன். என் தங்கை பேரன், பத்து வயது, கிர்காவ் சௌபாட்டியில், தூளாக்கிய ஐஸைக் குச்சியில் உருட்டிக் காலா கட்டா பாகு ஊற்றித் தரும் கோலாவை வாங்கி மூன்று தடவை விடாமல் உறிஞ்சினான். நாலைந்து நொடிக்குள் கை நெற்றிக்குப் போய்விட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "பாட்டி, உள்ளுக்குள்ள யாரோ ஆணி அடிக்கிறாங்க" என்றான். பதினைந்தாவது நொடி வாக்கில் உச்சம், முகமே சுருங்கிவிட்டது. முப்பத்தைந்தாவது நொடியில் ஒரு கண் திறந்தது. ஒரு நிமிடம் ஆவதற்குள் என் கையிலிருந்த கோலாவைத் திருப்பிக் கேட்டான். இனி வரும் பதில்களில் இந்த ஒரு நிமிடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வரப்போகிறேன்.

"மூளை நிஜமாவே உறைஞ்சு போகுதா?"

இல்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே தெரியும். பூஜ்யம் டிகிரியில் இருக்கும் 200 மில்லி தண்ணீரை உடம்பின் சூடான 37 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் ஏழரைக் கிலோகலோரி வெப்பம் வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பு ஒரு டிகிரி குறைய வேண்டுமானால் சுமார் 50 கிலோகலோரி வெளியேற வேண்டும். அதாவது ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர் முழுவதும் சேர்ந்தாலும் உடம்பின் வெப்பத்தில் ஒரு டிகிரியில் சுமார் ஏழில் ஒரு பங்கைத்தான் குறைக்கும். அதுவும் வயிற்றில் மெல்ல மெல்லத்தான் நடக்கும்.

மூளைக்கோ நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் அளவுக்கு வெதுவெதுப்பான ரத்தம் ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது. வாய்க்கும் மூளைக்கும் நடுவே எலும்பு, மூக்கறை, காற்றறைகள் எல்லாம் இருக்கின்றன. அந்தப் பதினைந்து நொடியில் குளிர் அங்கே போய்ச் சேர வழியே இல்லை. இன்னொன்றும் உண்டு. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. வலியை உணரும் நரம்புகள் அதைப் போர்த்தியிருக்கும் உறையிலும் ரத்தக் குழாய்களிலும்தான் இருக்கின்றன.

"குளிர் படுறது வாயில. வலிக்கிறது நெத்தியில. எப்படி?"

முகத்துக்கு உணர்ச்சி தரும் பெரிய நரம்பு ஒன்று உண்டு. மூன்று கிளையாகப் பிரிவதால் முக்கிளை நரம்பு என்பார்கள். முதல் கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும் மூளை உறையின் பெரும்பகுதிக்கும் போகிறது. இரண்டாவது கிளை கன்னத்துக்கும் மேல் பற்களுக்கும் மேலண்ணத்துக்கும் போகிறது. மூன்றாவது கீழ்த்தாடைக்கு. மூன்றும் வந்து சேருமிடம் மூளைத்தண்டில் ஒரே நிலையம்தான்.

நெற்றியிலிருந்து அந்த நிலையத்துக்கு நாள் முழுக்கச் செய்தி வருகிறது. மேலண்ணத்திலிருந்து இவ்வளவு பலமான வலிச் செய்தி வருவது அரிது. அண்ணத்திலிருந்து அது திடீரென்று வந்து மோதும்போது, எங்கிருந்து வந்தது என்பதில் மூளைக்குத் தடுமாற்றம் வருகிறது. நெற்றியில்தான் ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. மாரடைப்பில் இடது தோளிலும் கையிலும் வலிப்பதும் இதே மாதிரிதான். வேறிடத்து வலி இன்னொரு இடத்தில் தெரிவதை மருத்துவத்தில் இடம்மாறிய வலி என்பார்கள். அந்தப் பையன் நெற்றியைப் பிடித்துக்கொண்டானே தவிர, கோலா பட்ட மேலண்ணம் வலிப்பதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மத்த தலைவலியெல்லாம் மெதுவா ஏறுது. இது மட்டும் ஏன் ரெண்டு மூணு நொடியில உச்சிக்குப் போகுது?"

என்னிடம் வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பெரும்பாலும் சில நொடியில் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. இந்த வேகத்துக்குக் காரணம் அண்ணத்தின் அமைப்பு.

நாக்கால் உங்கள் மேலண்ணத்தைத் தடவிப் பாருங்கள். முன்பகுதி கெட்டியாக இருக்கும். எலும்பின் மேல் மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். கை, கன்னம் போலத் தடித்த கொழுப்புப் படலம் அங்கே கிடையாது. நரம்பு முனைகளும் ரத்தக் குழாய்களும் அந்த மெல்லிய சவ்விலேயே நெருக்கமாக இருக்கின்றன. குளிர்ந்த நீர் அதில் படும்போது இடையில் தடுப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை.

செய்தி போகும் நேரமும் மிகக் குறைவு. வலியைக் கொண்டுபோகும் நரம்பிழைகளில் மிக மெதுவானது நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஓடும். அண்ணத்திலிருந்து மூளைத்தண்டு வரை பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் தூரம்தான். அப்படிப் பார்த்தால் மெதுவான இழைக்கும் பத்தில் ஒரு பங்கு நொடி போதும்.

அப்படியானால் பையன் நெற்றியில் கை வைக்க ஏன் நாலைந்து நொடி ஆயிற்று என்று கேட்கத் தோன்றும். அந்த நேரம் நரம்பில் செலவாகவில்லை, ரத்தக் குழாய்களில் செலவாகிறது. குளிர் பட்டதும் அண்ணத்தின் குழாய்கள் சுருங்குகின்றன. குளிர் கொஞ்சம் விலகி, சூடான ரத்தம் திரும்பப் பாயும்போது சட்டென்று விரிகின்றன. இந்தச் சுருக்கமும் விரிவும் நரம்பு முனைகளைத் தூண்டுகின்றன என்பதுதான் பரவலான விளக்கம்.

தலைக்குள்ளேயும் ஏதோ நடக்கிறது என்பதற்கு ஒரு தடயம் இருக்கிறது. 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 13 பேரை ஸ்ட்ராவால் ஐஸ் தண்ணீரை அண்ணத்தில் படும்படி உறிஞ்சவைத்து, மூளை ரத்தக் குழாய்களின் ஓட்டத்தை அல்ட்ராசவுண்ட் மூலம் கவனித்தார்கள். மூளையின் முன்பக்கத் தமனியில் ரத்த ஓட்டம் கூடும்போது வலி வந்தது, குறையும்போது வலியும் போனது. 13 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஒன்று மற்றதற்குக் காரணமா, இரண்டும் சேர்ந்து நடக்கின்றனவா என்பது இதை வைத்து முடிவாகாது. வலி நெற்றியில் தெரிவதற்கு நரம்பின் இடத் தடுமாற்றமும், நொடிக்கணக்கில் ஏறி இறங்குவதற்கு ரத்தக் குழாயும் பொறுப்பு என்று இரண்டையும் சேர்த்துத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

"அவ்வளவு கொடுமையா வலிக்குது, அப்புறம் எப்படி ஆபத்தில்லைன்னு சொல்றீங்க?"

வலியின் பலம் வேறு, சேதத்தின் அளவு வேறு. காலை ஊன்றி நடக்க முடியாதபடி தசை பிடித்துக்கொள்ளும்போதும் உயிர் போகிற மாதிரிதான் இருக்கும். விட்டதும் எழுந்து நடக்கிறோம்.

இந்தத் தலைவலியில் எதுவும் கிழிவதில்லை, கசிவதில்லை, அடைபடுவதில்லை, வீங்குவதும் இல்லை. ஒற்றைத்தலைவலியில் நரம்பு முனைகளிலிருந்து வலியைத் தூண்டும் ரசாயனங்கள் சுரந்து, நரம்புகள் மணிக்கணக்கில் கூச்சத்தோடே இருக்கும். அதனால்தான் அது நாள் முழுக்க இழுக்கிறது. இங்கே தூண்டுதல் குளிர் மட்டுமே. குளிர்ந்த நீர் தொண்டைக்குக் கீழே இறங்கிவிட்டது. அண்ணத்துக்கோ ரத்த ஓட்டம் ஏராளம், அது உடனே சூட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அண்ணம் பழைய சூட்டுக்கு வந்ததும் நரம்புக்குச் சொல்ல வேறு செய்தி இல்லை. பையன் ஒரு நிமிடத்துக்குள் கோலாவைத் திருப்பிக் கேட்டது அதனால்தான். வேகமாக ஏறியதற்கும் வேகமாக இறங்கியதற்கும் ஒரே காரணம்தான்: அண்ணம் குளிர்வதும் சூடாவதும் மேற்பரப்பிலேயே நடந்து முடிகிறது.

வருடம் முழுக்கப் பத்து முறை வந்தாலும் மூளையில் தழும்பு எதுவும் சேர்ந்துகொண்டே போவதில்லை.

"ஐஸ் கட்டியை வாயில போட்டா வரல. கோலா உறிஞ்சினா வருது. கட்டிதானே ரொம்பக் குளிர்?"

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஐஸ் கட்டியை அண்ணத்தில் வைத்து அழுத்தியபோது வலி வந்தவர்களைவிட, ஐஸ் தண்ணீரைக் கடகடவெனக் குடித்தபோது வலி வந்தவர்கள் பல மடங்கு அதிகம். கட்டி ஓர் இடத்தில்தான் தொடும், நாமும் அதை உருட்டிக்கொண்டே இருப்போம். தண்ணீரோ அண்ணம் முழுவதையும் தொண்டையின் பின்சுவரையும் ஒரே நேரத்தில் நனைக்கிறது. எவ்வளவு குளிர் என்பதைவிட, எவ்வளவு பரப்பு எவ்வளவு சீக்கிரம் குளிர்கிறது என்பதுதான் இங்கே கணக்கு.

கோலாவில் இன்னொன்றும் சேர்கிறது. தூளாக்கிய ஐஸில் சர்க்கரைப் பாகு கலக்கும்போது உருகும் நீர் பூஜ்யத்துக்கும் ஓரிரு டிகிரி கீழே போய்விடும். குல்ஃபிப் பானையில் ஐஸோடு உப்புப் போடுவார்களே, அதே சங்கதி, அளவுதான் குறைவு. அந்த நீரைத்தான் குச்சியைப் பிடித்துக்கொண்டு பலமாக உறிஞ்சுகிறோம். தட்டில் வைத்து ஸ்பூனால் சாப்பிடும் கோலாவில் வலி குறைவாக வருவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

"எங்க வீட்டுக்காரர் ஒரே மூச்சில லஸ்ஸி குடிக்கிறார், ஒண்ணும் வரல. எனக்கு மட்டும் ஏன்?"

எல்லோருக்கும் வருவதில்லை, அது உடல்வாகு. வருகிறவர்களுக்கும் ஒவ்வொரு முறையும் வருவதில்லை. ஆனால் வேகத்துக்குப் பங்கு உண்டு. கனடாவின் ஹாமில்டன் நகரில் ஒரு பள்ளி மாணவியும் அவர் தந்தையும் 145 மாணவர்களிடம் செய்த சோதனை 2002-இல் ஒரு பெரிய மருத்துவ இதழில் வந்தது. ஒரு பகுதியினர் 100 மில்லி ஐஸ்கிரீமை ஐந்து நொடிக்குள் முடிக்க வேண்டும், மற்றவர்கள் முப்பது நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டும். வேகமாகச் சாப்பிட்டவர்களில் 27 சதவீதத்தினருக்கும் மெதுவாகச் சாப்பிட்டவர்களில் 13 சதவீதத்தினருக்கும் தலைவலி வந்தது. பாதிக்குப் பாதி குறைவு. அதே சமயம், வேகமாகச் சாப்பிட்டவர்களிலும் பெரும்பாலோருக்கு எதுவும் வரவில்லை. உங்கள் வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். லஸ்ஸி கெட்டியாகவும் இருக்கும், ஐஸ் தண்ணீர் அளவுக்குக் குளிர்ந்தும் இருக்காது.

"வந்துட்டா உடனே என்ன பண்ணலாம்? மாத்திரை போடலாமா?"

மாத்திரை வேண்டாம். பாராசிட்டமால் வயிற்றில் கரைந்து ரத்தத்தில் ஏறி வேலை காட்ட அரை மணி நேரமாவது ஆகும். வலி அதற்கு வெகு முன்பே போயிருக்கும். மாத்திரையால்தான் போனது என்று மனது பழகிக்கொள்வதுதான் மிச்சம்.

குடிப்பதை நிறுத்துங்கள். நாக்கை மேலே மடக்கி, அதன் அடிப்பக்கத்தை மேலண்ணத்தில் அழுத்துங்கள். மேல்பக்கம் ஏற்கனவே ஜில்லிட்டிருக்கும், அடிப்பக்கம்தான் சூடாக இருக்கும். பக்கத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் இருந்தால் ஒரு வாய் எடுத்து விழுங்காமல் அண்ணத்தில் படும்படி வைத்திருங்கள். எதுவுமே செய்யாமல் நின்றாலும் போய்விடும்; இவையெல்லாம் சில நொடியை மிச்சப்படுத்தும் வேலைகள்.

"எனக்கு மைக்ரேன் இருக்கு. நான் ஐஸ் பக்கமே போகக்கூடாதா?"

ஒற்றைத்தலைவலி உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போவதில்லை. அவர்களில் சிலருக்கு வழக்கமாக வலிக்கும் அதே பக்கத்திலேயே இதுவும் வலிக்கும். ஐஸ் தண்ணீருக்குப் பிறகு வழக்கமான மைக்ரேனே தொடங்குகிறது என்று இரண்டு மூன்று முறை கவனித்திருந்தால் தவிர்த்துவிடுங்கள். சில நொடியில் வந்து போய்விடுகிறது என்றால் மற்றவர்களுக்கு உள்ள விதிதான் உங்களுக்கும்.

"அப்போ எந்தத் தலைவலிக்குப் பயப்படணும்?"

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நொடிகளில் உச்சத்துக்குப் போகும் தலைவலி இன்னொன்றும் உண்டு, அது ஆபத்தானது. இடி விழுந்த மாதிரி திடீரென்று, ஒரு நிமிடத்துக்குள், இதுவரை அனுபவிக்காத பலத்தோடு வந்து, இறங்காமல் அப்படியே நிற்கும். மூளையைச் சுற்றியுள்ள உறையிடுக்கில் ரத்தம் கசிவதன் முதல் அறிகுறி அப்படித்தான் பெரும்பாலும் இருக்கும். ஏறும் வேகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

பிரித்துப் பார்க்க இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, வலி வந்த நேரத்தில் வாயில் குளிர் இருந்ததா? இரண்டு, குளிர் போனபின் வலி இறங்குகிறதா? கோலாத் தலைவலி ஏறிய வேகத்தில் இறங்கும். மற்றது ஐந்து நிமிடம் கழித்தும் அதே பலத்தில் நிற்கும். ஐஸ் குடித்தபின் வந்ததுதான் என்றாலும் பத்து நிமிடமாகியும் போகவில்லை என்றால் அதை பிரெயின் ஃப்ரீஸ் என்று சொல்லிச் சமாதானம் அடையாதீர்கள். கூடவே கழுத்து விறைப்பு, வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், இரட்டையாகத் தெரிவது, இவற்றில் எது இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். படுத்துத் தூங்கினால் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. எங்கள் கட்டடத்தில் ஒரு பெண் கரும்புச்சாறு குடித்து நாற்பது நொடி வலித்ததற்காக ஒரு மருத்துவமனைக்குப் போய், எப்போது வலித்தது என்று யாரும் கேட்காமலேயே தலைக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தாள். அறிக்கை சரியாக இருந்தது, ஆனால் இரண்டு நாள் அவள் தூங்கவில்லை. மருத்துவரிடம் போனால் அவர் கேட்பதற்கு முன்பே இந்த மூன்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள்: என்ன குடித்தீர்கள், எத்தனை நொடியில் வந்தது, எத்தனை நொடியில் போனது.

"ஜில்லுன்னு குடிச்சா பல்லும் கூசுது, சில சமயம் நெஞ்சும் படபடன்னு அடிக்குது. அதுவும் இதேதானா?"

இல்லை. பல் கூச்சம் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டியது. குளிர் பட்டதும் கன்னத்திலோ தாடையிலோ ஒரே பக்கம் மின்சாரம் பாய்ந்த மாதிரி வெட்டி இழுத்து, பல் தேய்க்கும்போதும் காற்று படும்போதும் அதேபோல் வந்தால் அது அந்த முக்கிளை நரம்பிலேயே வரும் வேறொரு நோய். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுப் படபடப்பை அலட்சியம் செய்யாதீர்கள். உணவுக்குழாய் இதயத்தின் பின்புறத்தை ஒட்டியே இறங்குகிறது. குளிர்ந்த பானம் சிலருக்கு இதயத் துடிப்பின் தாளத்தைக் குழப்புவதுண்டு. படபடப்போ தலைசுற்றலோ வந்தால் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

"மெதுவா சாப்பிட்டா கோலா கரைஞ்சு கையெல்லாம் வழியுது பாட்டி!"

தங்கை பேரன் கேட்டது. குச்சிக் கோலாவுக்குப் பதில் தட்டுக் கோலா வாங்கிக்கொள், வழிந்தாலும் தட்டில்தான் வழியும். ஸ்பூனில் எடுத்ததை முதலில் முன் நாக்கில் வைத்து உருகவிட்டு அப்புறம் விழுங்கு. கரும்புச்சாறு என்றால் ஸ்ட்ராவின் நுனியைத் தொண்டைப் பக்கம் நீட்டாமல் கன்னத்துப் பக்கம் திருப்பி வைத்துக்கொள். கடைசியில் அடியில் தங்கும் காலா கட்டாத் தண்ணீரை மட்டும் தட்டோடு தூக்கி ஒரே மடக்கில் குடித்துவிடாதே. போன தடவை இரண்டாவது முறை நெற்றியைப் பிடித்துக்கொண்டது அப்போதுதான்.